கேள்விகளுக்கு முந்திய ஆறு நிமிடங்கள்

முதற் கூட்டத்தில் நான் ஐம்பது நிமிடங்கள் பேசினேன். அதைக் கணக்கிட்டு வைத்திருந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த என் நண்பர். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் நெடுங்காலம் எழுதுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். ஊரார் அவரைக் கிளாக்கர் என்றே அழைத்தனர். நானும் அவ்வாறே அழைத்தேன். கூட்டம் கலைந்து, பாடசாலை மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் மட்டும் எஞ்சியபோது, அவர் தம் குறிப்பேட்டை என் முன் விரித்துக் காட்டினார்.

"மாஸ்டர், நீங்க கதைச்ச நேரத்துக்கு ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டி முடிச்சிருக்கலாம்."

எனக்குச் சினம் வந்தது. ஆசிரியர் கலாசாலையில் இருபத்தைந்தாண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். தலைமையுரை என்றால் அதற்குரிய தோற்றுவாய் வேண்டும், அவையடக்கம் வேண்டும், அடைவான முடிப்பு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எனினும் அவர் காட்டிய ஏட்டில் என் உரையின் நேரத்துக்குக் கீழே "மக்கள் வினாக்கள்" என்றொரு தலைப்பும், அதன் கீழே வெறுந்தாளும் இருந்தன.

நடந்தது இதுதான். கடல் ஊருக்குள் ஏறி வந்து ஓராண்டு கடந்திருந்தது. கல்முனைக் கரையோரத்தில் வீடிழந்த குடும்பங்கள் தகரக் கொட்டில் முகாம்களில் வாழ்ந்தன. வயற்புறத்து மேட்டு நிலமொன்றில் அவர்களுக்கு நிரந்தர வீடுகள் கட்டித்தர வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று முன்வந்தது. முஸ்லிம் முகாம்கள் இரண்டும், பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ் முகாம் ஒன்றும் அத்திட்டத்துள் அடங்கின. நிறுவனம் ஒரேயொரு நிபந்தனை விதித்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மக்களும் அதிகாரிகளும் நிறுவனத்தாரும் ஓரிடத்தில் கூட வேண்டும்; எவரும் எதையும் கேட்கலாம்; கேட்டதும் சொன்னதும் எழுத்தில் பதியப்பட வேண்டும். அதற்கு நான் காலாண்டு மக்கள் மன்றம் என்று பெயரிட்டேன். மக்கள் மூணு மாசக் கூட்டம் என்றனர். பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்களும் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்களும் கூடி என்னைத் தலைவராகவும் கிளாக்கரைச் செயலாளராகவும் தெரிவுசெய்தனர்.

முதற் கூட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதப்பட்டது, தேவாரம் பாடப்பட்டது, வரவேற்புரை நிகழ்ந்தது, பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. பின்னர் என் தலைமையுரை. பின்னர் மேடையில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் உரை. எல்லாம் முடிந்து, "வினாக்கள் இருப்பின் தொடுக்கலாம்" என்று நான் சொன்னபோது, நண்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்குக்கு ஏழெட்டு நிமிடங்களே இருந்தன. இருவர் ஒலிவாங்கிக்குப் பாய்ந்தனர். இருவரும் மைத்துனர்கள். பழைய வேலித் தகராறொன்றை ஒருவர் எடுக்க, மற்றவர் அவருடைய சட்டையைப் பிடித்தார். அந்த அமளிக்கிடையே பாங்கு ஒலித்தது. மக்கள் தொழுகைக்கு எழுந்தனர். தொழுது மீண்டவர்கள் கண்டது வெற்று மேடை. அம்பாறையிலிருந்து வந்த அதிகாரிகள் சோதனைச்சாவடியில் வரிசை நீளும் முன் திரும்ப வேண்டும் என்று வண்டியேறிவிட்டனர். பெண்கள் பக்கத்துத் திரைக்கு அப்பால் நூற்றுக்கு மேற்பட்டோர் இரண்டு மணிநேரம் அமர்ந்திருந்தனர். ஒலிவாங்கி அத்திரையை ஒருமுறையேனும் கடக்கவில்லை.

அடுத்த மூன்று மாதமும் அந்த வெறுந்தாள் என்னை உறுத்தியது.

இரண்டாம் கூட்டத்துக்கு இரண்டு நாள்களுக்கு முன், பாடசாலையின் பின்கட்டு வகுப்பறையில் நானும் கிளாக்கரும் தொடக்கவுரையை எழுதிக்கொண்டிருந்தோம். எழுதினோம் என்பதைவிட வழக்காடினோம் என்பது பொருந்தும். நான் ஒரு வாக்கியம் எழுதுவேன். அவர் சிவப்பு மையால் அதை வெட்டுவார்.

"'ஆன்றோர் நிறைந்த இவ்வவையில்' எண்டு கிடக்கு. வெட்டட்டா?"

"அது மரபு, கிளாக்கர்."

"மரபுக்கு எத்தினை விநாடி?"

"பத்து இருக்கும்."

"அந்தப் பத்து விநாடியில ஒரு மனுசி தண்ணிக் குழாயைப் பத்திக் கேட்டு முடிச்சிடும்."

வெட்டினார். என் முன்னுரை முழுவதும் அவ்வாறே சென்றது. இறுதியில் தாளில் நின்றவை நான்கு மட்டுமே: எதற்காகக் கூடினோம், இன்று என்னென்ன எந்தெந்த நேரத்தில் நடக்கும், வினாவை எப்படிக் கேட்பது, விடையை எப்படிச் சொல்வது. பொன்னாடைகளை அடியோடு நீக்கினோம். மேடையை நீக்குவதற்கு நான் உடன்படத் தயங்கினேன். அதிகாரிகளும் கீழேயே மேசைபோட்டு அமரட்டும் என்று கிளாக்கர் பிடிவாதம் பிடித்தார். அவர் வென்றார்.

விதிகளுள் ஒன்றை அவர் எழுத்துக்கு எழுத்து வலியுறுத்தினார். "ஆள் பேர் எடுக்கப்படாது. குடும்பச் சண்டை எடுக்கப்படாது. போன முறை சட்டையைப் பிடிச்சவனுகள் இந்த முறையும் முன் வரிசையிலதான் இருப்பானுகள்."

அதில் எனக்கும் முழு உடன்பாடு. தனி மனிதரைப் பற்றியோ குடும்பப் பூசல்களைப் பற்றியோ இம்மன்றில் பேசலாகாது என்று எழுதி, அடிக்கோடிட்டேன்.

மை காயுமுன் கதவருகே ஒரு பெண் வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். முக்காட்டை ஒரு கையால் பிடித்திருந்தார். மறுகை மணிக்கட்டுக்கு மேல் வளைந்து பொருந்தியிருந்தது. அலை அடித்தபோது முறிந்து, உரியபடி பொருந்தாத எலும்பு என்று பின்னர் அறிந்தேன்.

"சேர், இந்தக் கூட்டத்தோட ஊட்டு லிஸ்ட் முடியுதாமே. மெய்யா?"

மெய்தான். நிகழ்ச்சி நிரலின் மூன்றாம் பொருளே அது. பயனாளிகள் பட்டியல் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, மறுநாள் கச்சேரிக்கு அனுப்பப்படும். அப்பட்டியலில் எவருடைய பெயர் போகிறதோ அவருடைய பெயரிலேயே வீட்டின் உறுதிப் பத்திரம் எழுதப்படும். ஆமென்றேன்.

அவர் தம் நிலையைச் சொன்னார். கடல் கொண்டுபோன வீடு அவருடைய தாயார் சீதனமாகக் கொடுத்தது. படிவம் நிரப்ப முகாமுக்கு ஆட்கள் வந்த வேளையில் அவர் கைமுறிந்து மருத்துவமனையில் இருந்தார். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கணவரின் பெயரை எழுதினர்; கணவரும் கையொப்பமிட்டார். ஆறு மாதங்களின் பின் கணவர் பொத்துவில் பக்கம் போய் வேறொரு திருமணம் செய்துகொண்டார். இவரும் மூன்று பெண்மக்களும் முகாமில் தனித்திருந்தனர்.

"ஊடு வந்தா சாவி அவர்ட கையிலதான் போகும். அவர்ட காக்கா இப்பவே சொல்றாரு, தம்பிட ஊட்ட தம்பி யாருக்கும் குடுப்பான் என்டு. எனக்கு மூணும் பொம்புளப் புள்ள சேர். நான் எதக் குடுத்து அதுகளக் கரையேத்துற?"

கணவரின் அந்தத் தமையனை நான் நன்கறிவேன். முகாம் குழுவின் உறுப்பினர், உரத்த குரலுடையவர்.

"நீங்க தலைவர்தானே. நீங்களே எழும்பிச் சொல்லுங்க, இது இவட ஊடு என்டு."

"நான் சொல்லக் கூடாது மகள். தலைவர் ஒரு பக்கத்துக்குப் பேசினால், நாளை மற்றவரும் தலைவரைப் பிடித்தால் போதும் என்று வருவார். அதோடு இந்த மன்றம் முடிந்துவிடும்."

"அப்ப எதுக்குச் சேர் தலைவர்?"

கிளாக்கர் குனிந்து எதையோ எழுதுவதாகப் பாசாங்கு செய்தார். அவருடைய தோள் குலுங்கியது.

"முதற் கேள்வி பெண்கள் பக்கத்திலிருந்து வரும். ஒலிவாங்கியைத் திரைக்கு அப்பால் கொண்டுவந்து உங்கள் கையில் தரச் செய்வேன். அதுவரைதான் என்னால் இயலும்."

"மைக் வந்தா எனக்கு வாய் வராது."

"எழுதியும் தரலாம். செயலாளர் வாசிப்பார்."

அவர் கிளாக்கரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அவர் வாசிச்சா கச்சேரிக் கடிதம் போல இரிக்கும். நானே கதைக்கன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் சென்ற பின்னரே நான் தாளைப் பார்த்தேன். குடும்பப் பூசல் பேசலாகாது என்ற விதி அடிக்கோட்டுடன் முன்னே கிடந்தது. அவருடைய வழக்கோ கணவரைப் பற்றியது. அவரைத் தடுக்கும் வேலியை அவர் வருவதற்குச் சற்று முன்பே நான் எழுப்பியிருந்தேன். விதியை நீக்கலாமா என்று கிளாக்கரைக் கேட்டேன்.

"நீக்கினா அந்த மனுசிட மச்சினனே முதல் மைக்கைப் பிடிப்பான். விதி கிடக்கட்டும் மாஸ்டர். எல்லாருக்கும் ஒண்டுதான்."

அன்றிரவு நான் சரியாக உறங்கவில்லை.

கூட்டம் ஒன்பதரை மணிக்கு என்று அறிவித்திருந்தோம். ஒன்பதரைக்கே தொடங்கினோம். வீட்டுத்திட்ட அதிகாரி வந்து மேடையைத் தேடினார். மேடையில்லை என்றதும் சிறிது முகம் சுளித்து, கீழே போடப்பட்ட மேசையருகே அமர்ந்தார். நிறுவனத்தின் பொறியியலாளரும் அமர்ந்தார். பெண்கள் பக்கத்துத் திரையை நாங்கள் அகற்றவில்லை. அதனைப் பக்கவாட்டில் திருப்பி, அதிகாரிகளின் மேசை இருபக்கத்தாருக்கும் தெரியுமாறு கட்டினோம். அப்பக்கத்துக்கென்று தனி ஒலிவாங்கியொன்றை நீண்ட கம்பியுடன் வைத்தோம்.

கிராஅத்தும் தேவாரமும் முடிந்தன. நான் எழுந்தேன். கையில் ஒரு தாள். தூய தமிழில் ஓங்கிப் பேசிப் பழகிய நாவை அடக்கி, ஊரார் பேசும் எளிமையிலேயே பேசினேன். நினைவில் நிற்பதை நிற்கும்படியே தருகிறேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். போன கூட்டத்தில் நான் நீளமாகப் பேசினேன். உங்களில் ஒருவரும் பேச முடியவில்லை. பிழை என்னுடையது. இன்று எனக்கு ஆறு நிமிடம். அதற்கு மேல் போனால் செயலாளர் மேசையில் தட்டுவார்."

முன்வரிசையில் ஒருவர், "தட்டுங்க கிளாக்கர், இப்பவே தட்டிப் பழகுங்க!" என்றார். சிரிப்பெழுந்தது. அச்சிரிப்பு எனக்கு உதவிற்று.

"நாம் இங்கே வந்தது ஒருவரை ஒருவர் வெல்ல இல்லை. வீடு எப்போது, எங்கே, யாருக்கு என்று தெரிந்துகொள்ள வந்தோம். இந்தக் கூட்டம் கேட்கலாம், பதிவு செய்யலாம், திகதி வாங்கலாம். இந்தக் கூட்டத்தால் காணி பிரித்துக் கொடுக்க முடியாது. அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக் கூடாது.

"இன்று நான்கு விடயம். முதலில் போன முறை உங்கள் மனதில் இருந்தும் கேட்க முடியாமற் போன கேள்விகள். அவற்றை முகாம் முகாமாகப் போய்ச் செயலாளர் எழுதி வந்திருக்கிறார், அதற்கு இருபது நிமிடம். அடுத்தது கட்டட வேலை பற்றிப் பொறியியலாளர், பத்து நிமிடம். அடுத்தது வீட்டுப் பட்டியல். அதற்குப் பிறகு மற்றக் கேள்விகள். பன்னிரண்டு மணிக்கு நிறுத்துவோம், தொழுவோம். தொழுகைக்குப் பிறகு மீண்டும் தொடங்குவோம். அதிகாரிகள் இருப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு இங்கேதான்; வண்டிச் சாரதிகளுக்கும் இங்கேதான்."

அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். சாரதிகளையும் விருந்துக்கு அழைத்தது கிளாக்கரின் சூழ்ச்சி.

"கேள்வி கேட்கிற முறை இது. ஒருவருக்கு ஒரு கேள்வி, ஒரு நிமிடம். எந்த முகாம், எந்த வரிசை என்று சொல்லித் தொடங்குங்கள். முதலில் பெண்கள் பக்கம், பிறகு ஆண்கள் பக்கம், அப்படியே மாறி மாறி. எழுதித் தர விரும்பினால் பெட்டி இருக்கிறது. பெயர் போட வேண்டியதில்லை. ஆளைப் பற்றிக் கேட்கக் கூடாது, குடும்பச் சண்டையைக் கொண்டுவரக் கூடாது, விடயத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டால் நான் ஒலிவாங்கியை நிறுத்துவேன். அமைதியானதும் பேசியவருக்கே முழு நேரமும் திரும்பக் கிடைக்கும்.

"பதில் சொல்கிறவர்களுக்கும் முறை இருக்கிறது. பதில் மூன்று வகை. இதுதான் விடை என்று சொல்லலாம். இன்ன திகதிக்குள் சொல்கிறேன் எனலாம். அல்லது இது என் கையில் இல்லை, இன்னாருடைய கையில் இருக்கிறது என்று சொல்லலாம். நான்காவது வகை கிடையாது. ஒவ்வொரு பதிலும் எழுதப்படும். கலைவதற்கு முன் செயலாளர் அதை வாசிப்பார். பிழை இருந்தால் அங்கேயே திருத்தலாம். இந்த முறைகள் எல்லோருக்கும் ஒன்று. எனக்கும்தான். தொடங்குவோம்."

அமர்ந்தேன். கிளாக்கர் கடிகாரத்தைக் காட்டி ஐந்தரை என்று விரல்களால் சைகை செய்தார்.

பழைய கேள்விகள் போயின, பொறியியலாளர் பேசினார். அடுத்துப் பட்டியல். அதிகாரி அதை எடுத்து, "இதில பெரிசாக் கதைக்க ஒண்டும் இல்ல, வாசிச்சிட்டு அனுப்பிறதுதான்" என்றார்.

"வாசிக்க முன்னம் கேள்விகள்" என்றேன். "பெண்கள் பக்கம்."

திரைக்கு அப்பால் தாழ்ந்த குரல்கள். "எழும்பு கா, எழும்பு." கம்பி தரையில் உரசியது. பின் ஒலிவாங்கியில் மூச்சொலி.

"நான்... ரெண்டாம் முகாம், ஆறாம் வரிசை. என்ட கேள்வி என்னண்டா... என்ட புருசன் என்ன உட்டுட்டுப் போய்—"

முன்வரிசையில் கணவரின் தமையனார் எழுந்தார். கதிரை பின்னே சாய்ந்தது.

"தலைவரே! உங்கட சட்டம் என்ன? ஆளப் பத்திக் கதைக்கப்படாது, குடும்பக் கதை எடுக்கப்படாது. இப்ப என்ட தம்பிட கதைய எடுக்காங்க. சட்டம் பொம்புளைக்கு வேற, ஆம்புளைக்கு வேறயா?"

மண்டபம் இரைந்தது. சிலர் அவரை அமரச் சொன்னார்கள். சிலர் "அவர் சொல்றது சரிதானே" என்றார்கள். நான் சொன்னபடி ஒலிவாங்கியை நிறுத்தினேன். அத்தனை கண்களும் என்மீதிருந்தன. அவர் குறுக்கிட்டது பிழை. ஆயினும் அவர் சொன்னது சரி. அவ்விதியை நானே அனைவர் முன்னிலையிலும் வாசித்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. அதை இப்போது வளைத்தால் என் தலைமை அத்துடன் கழிந்துவிடும். வளைக்காவிட்டால் மூன்று பெண்மக்களின் வீடு நாளைக் காலை கச்சேரிக்குப் போய்விடும். கிளாக்கர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்திருந்தார்.

"ஆட்சேபனை சரியானது" என்றேன். தமையனார் மார்பு நிமிர அமர்ந்தார். திரைக்கு அப்பால் ஏமாற்றப் பெருமூச்சொன்று பலரிடமிருந்தும் ஒருமிக்க எழுந்தது.

"விதி எல்லோருக்கும் ஒன்று. கணவரைப் பற்றி இங்கே கேட்க முடியாது. குறுக்கீடு நடந்ததால், சொன்னபடி, அந்தத் தங்கைக்கு ஒரு நிமிடமும் முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது. ஆளை விட்டு, விடயத்தை மட்டும் கேட்க விரும்பினால் கேட்கலாம்."

அவ்வளவே என்னால் இயன்றது. அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் அது அவருக்கு நான் எடுத்துக்கொடுப்பதாக ஆகியிருக்கும். ஒலிவாங்கியைத் திறக்கச் சொன்னேன். கிளாக்கர் கடிகாரத்தைப் பார்த்திருந்தார்.

பின்னர் அந்தப் பெண் பேசினார். முன்பிருந்த நடுக்கம் அக்குரலில் இல்லை.

"சரி. ஆள உடுறன். கடல் எடுத்த ஊடு என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. உம்மாவுக்கு மூத்தும்மா குடுத்த. இங்கால இரிக்கிற எல்லாருக்கும் அப்பிடித்தான். இந்த ஊரில கலியாணம் முடிக்கிற பொம்புளைக்கித்தான் ஊடு. ஆம்புள வந்து இருப்பாரு. அப்ப நான் கேக்குறன், நீங்க கொண்டு வந்த படிவத்தில கடல் எடுத்த ஊடு ஆர்ட ஊடு என்டு கேக்குற கட்டம் எங்க? ஆர்ட ஊடு போச்சோ அவவுக்கு ஊடு தராம, ஏன் ஊட்டில இருந்தவருக்குத் தாறீங்க? அவ்வளவுதான்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் அவருக்கென எழுப்பிவிட்டதாக அஞ்சிய வேலி, அவருடைய கேள்வியைத் திரைக்கு அப்பாலிருந்த அத்தனை பெண்களுடைய கேள்வியாகவும் ஆக்கிவிட்டது. தமிழ் முகாமிலிருந்து வந்திருந்த ஒரு முதியவள் திரையோரமாகத் தலைநீட்டி, "எங்கட பக்கமும் இதே கதைதான் ஐயா, அதையும் சேர்த்து எழுதுங்க!" என்றாள். வரிசை முறைப்படி அது குறுக்கீடுதான். கிளாக்கர் என்னைப் பார்த்தார்; நான் கூரையைப் பார்த்தேன்.

அதிகாரி படிவமொன்றை எடுத்து மேலும் கீழும் படித்தார். "இதில குடும்பத் தலைவர் எண்டுதான் கட்டம் இருக்கு."

"தலைவர் ஆணாக இருக்க வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? பதிவுக்காகக் கேட்கிறேன்" என்றேன்.

மீண்டும் படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "இல்ல. அப்பிடி ஒரு இடத்திலயும் இல்ல. நிரப்பினவங்கதான் அப்பிடி எழுதியிருக்காங்க."

நிரப்பியவர்கள் நாங்கள். அப்படிவங்களைக் கச்சேரி ஊழியர் நிரப்பவில்லை. முகாம் குழுவினர், ஆசிரியர்கள், படித்த இளைஞர், இவர்களுடன் நான். நூறு படிவங்களேனும் என் கையெழுத்தில் இருக்கும். நானே என் துணைவியாரின் சீதன வீட்டில் நாற்பதாண்டுகள் வாழ்ந்தவன். ஆயினும் அரசாங்கத் தாளொன்று முன்னே வந்ததும், தலைவர் என்ற சொல்லுக்கு நேரே, வினவாமலே, ஆணின் பெயரை எழுதிச் சென்றேன். ஊரில் அத்தனை பேரும் அவ்வாறே எழுதினர். எவருக்கும் உறுத்தவில்லை.

அதை எழுந்து சொன்னேன். "பிழை படிவத்தில் இல்லை. நிரப்பிய எங்களிடம் இருக்கிறது. அவர்களில் நானும் ஒருவன். இதைப் பதியுங்கள்." பின் அதிகாரியிடம் திரும்பினேன். "இப்போது விடை வேண்டும்."

"பாப்பம். மேலிடத்தில கதைச்சு..."

"'பாப்பம்' மூன்று வகைக்குள் வரவில்லை."

சிரிப்பு கூரைத் தகரத்தை அதிரவைத்தது. முன்வரிசை இளைஞனொருவன், "நாலாவது வகைக்கு வெளியில வண்டி நிக்குது!" என்றான். அதிகாரியும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர் அவர். அதுவரை எவரும் அவரிடம் திகதி கேட்டதில்லை. தம் நாட்குறிப்பேட்டைத் திறந்து பார்த்தார்.

"சரி, பட்டியல் நாளைக்குப் போகாது. அடுத்த புதன்கிழமை நான் இந்தப் பாடசாலைக்கு வாறன். திருத்த வேண்டியவங்க வரலாம். பழைய உறுதி இருந்தாக் கொண்டு வாங்க. கடலோட போயிருந்தா, அயல் வீட்டுக்காரர் ரெண்டு பேர்ட சத்தியக்கடிதமும் கிராம சேவகர்ட அத்தாட்சியும் போதும். திருத்தின பட்டியல்தான் கச்சேரிக்குப் போகும்."

"திகதியுடன் பதியப்பட்டது" என்றார் கிளாக்கர்.

ஆண்கள் பக்கத்தின் முறை. தமையனார் மீண்டும் எழுந்தார். "முதலாம் முகாம், ரெண்டாம் வரிசை. அப்ப ஆம்புளையள் எல்லாம் தெருவிலயா சேர் நிக்கிற?"

அதிகாரி வாய்திறக்கு முன் திரைக்கு அப்பாலிருந்து ஒலிவாங்கி இல்லாமலே ஒரு குரல் வந்தது. "நீங்க இப்ப வரைக்கும் ஆர்ட ஊட்டில நின்ட? என்ட வாப்பா கட்டின ஊட்டிலதானே! ஞாபகம் இல்லயா?"

அவருடைய மனைவி. மண்டபமே குலுங்கியது. தமையனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, தாமும் அடக்கமாட்டாமற் சிரித்து, தலையைச் சொறிந்தபடி அமர்ந்தார். குறுக்கீட்டுக்காக அந்த அம்மையாரை நான் கண்டித்தேன். கண்டிப்பும் பதிவாகியிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினோம். தொழுதோம், உண்டோம், மீண்டும் கூடினோம். மண்டபம் காலையைவிட நிறைந்திருந்தது. சாரதிகளும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டனர். மூன்று மணிக்குக் கிளாக்கர் கேள்விகளையும் விடைகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். வெறுந்தாளாக இருந்த அந்த ஏட்டில் பதினொரு பக்கங்கள் நிரம்பியிருந்தன.

பின்னர் போர் முடிந்தது, சாவடிகள் அகன்றன, வேறு பல மன்றங்களுக்கும் நான் தலைமை வகித்தேன். அந்தத் தொடக்கவுரையைச் சிறு மாற்றங்களுடன் எல்லாவற்றிலும் வாசித்தேன். ஆறு நிமிடத்தை ஒருபோதும் மீறியதில்லை.

அதிகாரி குறித்த அந்தப் புதன்கிழமை விடிந்து பாடசாலைக் கதவைத் திறக்கையில் வரிசை வீதிவரை நீண்டிருந்தது. முக்காடிட்டவர்களும் பொட்டிட்டவர்களும் ஒரே வரிசையில் நின்றனர். கிராம சேவகர் ஒரு மேசையில், அதிகாரி ஒரு மேசையில், திருத்தப் படிவம் எழுத நானும் கிளாக்கரும் ஒரு மேசையில். அந்தப் பெண் தம் மூன்று மக்களுடனும் ஏழாவதாக வந்தார். அயலவர் இருவரின் சத்தியக்கடிதங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். நான் எழுதுகோலை எடுத்து, "குடும்பத் தலைவரின் பெயர்?" என்று முறைப்படி கேட்டேன்.

"இந்த முறை நானே எழுதுறன் சேர். தாங்க."

படிவத்தைத் தம் பக்கம் இழுத்து, வளைந்த கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் தம் வாப்பாவின் பெயரையும் அதன் பின் தம் பெயரையும், கட்டத்தைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பெரிய எழுத்துகளில் எழுதினார். மூத்த மகள் மேசையோரத்தில் எக்கி நின்று அதை உரக்க வாசித்தாள். அதிகாரி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.